கடைசிப் பத்து நிமிடத்துக்கான சரிபார்ப்புப் பட்டியல்: வகுப்பில் கண்டது

எழுத்துத் தேர்வின் விடைத்தாளை ஒப்படைக்கும் முன் மாணவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்வதற்கான அச்சிட்ட பட்டியல் ஒன்று, நான் அறிவியல் கற்பிக்கத் தொடங்கியபோதே வகுப்பில் புழக்கத்தில் இருந்தது. "எல்லாக் கேள்விகளுக்கும் முழுமையாக விடை அளித்தேனா?", "கணக்குகளைச் சரிபார்த்தேனா?", "கையெழுத்து தெளிவாக உள்ளதா?" என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் விட்டிருந்தார்கள். மாணவர்கள் எல்லாக் கட்டங்களிலும் 'டிக்' போட்டுவிடுவார்கள், விடைத்தாளில் எதுவும் மாறியிருக்காது. அவர்கள் பொய் சொல்லவில்லை. முழுமையாக எழுதிவிட்டதாக நம்பும் ஒருவரிடம் முழுமையாக எழுதினீர்களா என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். அந்தப் பட்டியல் மாணவரின் நம்பிக்கையை விசாரித்ததே தவிர, விடையைப் பார்க்க வைக்கவில்லை.

ஆகவே ஒரு பருவம் முழுவதும் அந்தப் பட்டியலை மாணவர்களுடன் சேர்ந்து திருத்தி எழுதினோம். திருத்திய விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, பாடம் தெரியாமல் போன மதிப்பெண்ணையும், தெரிந்திருந்தும் போன மதிப்பெண்ணையும் தனித்தனியே குறிக்கச் சொன்னேன். இரண்டாவது வகைக்கு மட்டுமே பட்டியல் உதவும் என்பதால் அதிலிருந்துதான் வரிகளை எடுத்தோம். ஒவ்வொரு வரியும் தாளில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தை விட்டுச்செல்லும் செயலாக இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

அதிகம் பலன் தந்த வரி இது: "உன் விடையைத் திறக்காதே, முதலில் வினாத்தாளை எடுத்து, அது உன்னைச் செய்யச் சொல்லும் ஒவ்வொன்றின் மேலும் எண் இடு." விடையிலிருந்து தொடங்கிப் படிக்கும் மாணவர், தாம் எழுத நினைத்ததையே தாளில் காண்கிறார், விட்டுப்போன பகுதி அவர் கண்ணில் படுவதில்லை. ஒரு தேர்வில், "ஒளிச்சேர்க்கையையும் சுவாசித்தலையும் இரண்டு அடிப்படைகளில் ஒப்பிடுக. இரவில் தாவரம் வெளியிடும் வாயு எது? காரணம் கூறுக" என்ற கேள்வி வந்தது. எண் இட்டால் முதல் ஒப்பீடு, இரண்டாவது ஒப்பீடு, வாயு, காரணம் என நான்கு வரும். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி ஒளிச்சேர்க்கையைப் பற்றி ஒரு பத்தி, சுவாசித்தலைப் பற்றி ஒரு பத்தி, கார்பன் டை ஆக்சைடு என்று ஒரு வரி எழுதி முடித்திருந்தார். பிறகு வினாத்தாளில் எண் இட்டு, அதே எண்களை விடையின் ஓரத்தில் போட முயன்றபோது, மூன்றாம் எண்ணுக்கு மட்டுமே இடம் கிடைத்தது. காரணம் எங்கும் இல்லை. இரு பத்திகளிலும் சொன்னவை சரியானவை என்றாலும், ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லாததால் ஒப்பீடு என்று காட்டவும் எதுவுமில்லை. பத்திகளை அடிக்காமல், கீழே மூன்று வாக்கியங்களைச் சேர்த்தார். ஒளிச்சேர்க்கை கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகிறது, சுவாசித்தல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது என்பது முதலாவது. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும், சுவாசித்தல் இரவும் பகலும் நடக்கும் என்பது இரண்டாவது. இரவில் ஒளி இல்லாததால் ஒளிச்சேர்க்கை நின்று சுவாசித்தல் மட்டும் தொடர்வதே காரணம் என்பது மூன்றாவது. இதற்கு அவருக்குப் புதிதாக எந்தப் பாடமும் தேவைப்படவில்லை.

கணக்குகளுக்கான வரியை அமைப்பதுதான் கடினமாக இருந்தது. "வேறு வழியில் போட்டுப் பார்" என்று பலரும் சொல்வார்கள், நாங்களும் அதையே எழுதி வைத்திருந்தோம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பிரேக் போட்டு 5 வினாடியில் நின்றால் எதிர் முடுக்கம் எவ்வளவு, நிற்பதற்குள் கடந்த தூரம் எவ்வளவு என்ற கணக்கில் அந்த வரியின் எல்லை தெரிந்தது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். எனவே எதிர் முடுக்கம் 4 மீ/வி², தூரம் 50 மீட்டர். சிலர் வேகத்தை மாற்றாமல் 72 என்றே வைத்து, 14.4 மீ/வி² என்றும் 180 மீட்டர் என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களும் வேறு வழியில் சரிபார்த்தவர்கள்தாம். முதலில் சராசரி வேகமான 36-ஐ 5-ஆல் பெருக்கி 180 பெற்றார்கள்; பிறகு v² = u² + 2as வாய்பாட்டில் போட்டு அதே 180-ஐப் பெற்றார்கள். இரண்டு வழிகளும் ஒரே தவறான எண்ணிலிருந்து கிளம்புவதால் அவை ஒத்துப்போவதில் வியப்பில்லை. அந்த ஒற்றுமை மாணவரின் தவறான விடைக்கு மேலும் உறுதி சேர்த்துவிடுகிறது என்பதுதான் ஆபத்து.

ஆகவே அந்த வரியை நீக்கிவிட்டு இரண்டு வரிகளை வைத்தோம். எண்களைப் பிரதியிடும் இடத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் அலகை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது முதலாவது. 72-க்குப் பக்கத்தில் கிலோமீட்டரும் மணியும், 5-க்குப் பக்கத்தில் வினாடியும் வந்து நின்றால், பொருந்தாதது தானாகவே தெரிந்துவிடும். கிடைத்த விடை நடக்கக்கூடியதா என்று ஒரு வாக்கியத்தை ஓரத்தில் எழுத வேண்டும் என்பது இரண்டாவது. பிரேக்கே போடாவிட்டாலும் இந்தக் கார் 5 வினாடியில் 100 மீட்டர்தான் போகும், பிரேக் போட்ட பிறகு 180 மீட்டர் எப்படிப் போகும் என்று ஒரு மாணவர் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டினேன். சாதாரணக் காரின் டயர் பிடிப்பால் கிடைக்கும் எதிர் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி²-ஐ ஒட்டிய அளவைத் தாண்டாது என்பது தெரிந்தவருக்கு 14.4 என்ற எண்ணே போதும். இந்த வரி எல்லாக் கணக்குக்கும் பொருந்தாது. அன்றாடம் பார்த்துப் பழகாத அளவுகளில், எடுத்துக்காட்டாக அணுவின் ஆரத்தில், எது நடக்கக்கூடியது என்று மாணவருக்கு எப்படித் தெரியும்? அங்கே அலகு வரி மட்டுமே துணை.

வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. கேள்வி எண் சரியாக இடப்பட்டுள்ளதா, "ஏதேனும் ஐந்து" என்ற பகுதியில் ஐந்து எழுதப்பட்டுள்ளதா, கூடுதல் தாள் கட்டப்பட்டுள்ளதா என்பவை முதலில் வந்தன. இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், தவறினாலோ முழு விடையே போய்விடும். அதன் பிறகு வினாத்தாளில் எண் இடுவது, அதன் பிறகு கணக்குகள். எழுத்துப் பிழையும் கையெழுத்தும் கடைசிக்குப் போயின. மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை, ஏனென்றால் எளிதாகச் செய்யக்கூடிய திருத்தம் அதுதான்.

கடைசி நிமிடத்தில் சந்தேகம் வந்தால் முதலில் எழுதியதை மாற்றக்கூடாது என்று சில பெற்றோர் சொல்லி அனுப்புவார்கள். காரணத்தை ஓரத்தில் ஒரு சொல்லிலாவது எழுத முடிந்தால் மாற்றலாம், வெறும் பயத்தால் மாற்ற வேண்டாம், புதிய விடையை எழுதி முடிக்கும் வரை பழையதை அடிக்க வேண்டாம் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

பட்டியலின் கடைசி வரியை அச்சிடாமல் வெற்றிடமாக விட்டு, அவரவர் தமது திருத்திய தாளிலிருந்து நிரப்பிக்கொள்ளச் சொன்னேன். ஒருவர் "எதிர்மறைக் குறி" என்று எழுதினார். இன்னொருவர் "வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர்" என்று எழுதினார். தொடர்ந்து இரண்டு தேர்வுகளில் அந்தத் தவறு வராவிட்டால் வரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுத வேண்டும். வந்தால் அதே வரி அடுத்த தேர்வுக்கும் தொடரும்.