%25 எங்கிருந்து வந்தது

ஒரே கட்டுரை. முகப்புப் பக்கத்தில் இருந்து சொடுக்கினால் திறக்கிறது, தேடுபொறி காட்டும் இணைப்பில் வந்தால் 404. எங்கள் இணையதளம் புதிய மென்பொருளுக்கு மாறிய மூன்றாவது நாள் ஆசிரியர் குழுவில் இருந்து வந்த புகார் இது. கட்டுரை இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் முகப்பில் இருந்துதான் போனோம், அதனால் "எங்களுக்குத் திறக்கிறதே" என்று பதில் எழுதி மூடிவிட்டோம். இரண்டு நாள் கழித்து இன்னும் பத்துப் பேர் அதையே சொன்ன பிறகுதான் சர்வர் லாகைத் திறந்தேன்.

பிரவுசரின் முகவரிப் பட்டையை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அது தமிழ் எழுத்துகளை அழகாகக் காட்டும், ஆனால் சர்வருக்கு அனுப்புவது வேறு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் % போட்ட மூன்று எழுத்தாகப் போகும், இந்த மாற்றம்தான் என்கோட். ஆக, 'மழை' என்ற சின்னச் சொல்லில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறியீடு, முகவரியில் 27 எழுத்து. லாகில் அந்தக் கட்டுரைக்கு இரண்டு விதமான வரிகள் இருந்தன. முகவரியில் கட்டுரையைக் குறிக்கும் பகுதியான ஸ்லக் வெறும் 'மழை' என்று வைத்துக்கொண்டால் அவை இப்படி:

```
/%e0%ae%ae%e0%ae%b4%e0%af%88
/%25e0%25ae%25ae%25e0%25ae%25b4%25e0%25af%2588
```

முதல் வரிக்கு 404, இரண்டாவதற்கு 200. சரியாக எழுதப்பட்ட முகவரி தோற்கிறது, கோணலாக இருப்பது ஜெயிக்கிறது. %25 என்பது % குறியின் என்கோட். அதாவது இரண்டாவது வரியில், ஏற்கனவே என்கோட் ஆன ஒன்றை யாரோ மறுபடி என்கோட் செய்திருக்கிறார்கள்.

டேட்டாபேஸில் போய்ப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முன்பு நாங்கள் பயன்படுத்தியது வேர்ட்பிரஸ். அது `post_name` என்ற பத்தியில் தமிழ் ஸ்லக்கைத் தமிழாக வைக்காமல் `%e0%ae%ae...` என்று என்கோட் ஆன வடிவிலேயே, சின்ன எழுத்தில் சேமிக்கும். அந்தத் தரவை நாங்கள் அப்படியே தூக்கிப் புது டேட்டாபேஸில் போட்டிருந்தோம். புதிய கட்டுரைகளோ தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்பட்டன. ஒரே பத்தியில் இரண்டு வடிவம். பக்கங்களை வரையும் டெம்ப்ளேட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, எதைக் கொடுத்தாலும் `encodeURIComponent` போட்டு இணைப்பு உருவாக்கும். பழைய கட்டுரைக்கு அது இரட்டை என்கோட் ஆகிவிட்டது. சர்வர் பக்கம் எக்ஸ்பிரஸ் ஒரு முறை டிகோட் செய்து `%e0%ae%ae...` என்று எடுக்கும், டேட்டாபேஸிலும் அதே இருக்கும், பொருந்திவிடும். தேடுபொறியிடம் இருந்ததோ பழைய, சரியான முகவரி. அதை ஒரு முறை டிகோட் செய்தால் 'மழை' என்று வரும், டேட்டாபேஸில் 'மழை' என்று எதுவும் இல்லை.

நாங்கள் சோதனைக்கு எழுதிய ஸ்லக்குகள் எல்லாமே ஆங்கிலம். ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும் என்கோட் ஆவதே இல்லை, ஒரு முறை செய்தாலும் ஐந்து முறை செய்தாலும் அப்படியே இருக்கும். ஒரு தமிழ் ஸ்லக் சோதனையில் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு வந்த கோபமெல்லாம் இதன்மேல்தான்.

அன்றிரவே பழைய ஸ்லக்குகளை எல்லாம் ஒரு முறை டிகோட் செய்து தமிழாக மாற்றினோம். அது சரியான வேலை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அதற்குள் ஐந்து நாள் போயிருந்தது. அந்த ஐந்து நாளில் முகப்பில் இருந்து போனவர்கள் நண்பர்களுக்கு அனுப்பியது, சைட்மேப்பில் ஏறியது எல்லாமே `%25e0` உள்ள முகவரிகள். இப்போது அவை 404 ஆயின. என்னோடு வேலை பார்த்தவர் ஒரு வரி சேர்த்தார்:

```js
const slug = decodeURIComponent(req.params.slug);
```

எக்ஸ்பிரஸில் `req.params` நம் கைக்கு வரும்போதே டிகோட் ஆகித்தான் வரும். ஆகவே இது இரண்டாவது டிகோட். இரட்டை என்கோட் ஆன முகவரி இதனால் 'மழை' ஆகிவிடும், நல்லது. ஒற்றை என்கோட் ஆன முகவரி முதல் டிகோடிலேயே 'மழை' ஆகியிருக்கும். அதில் % குறியே இல்லாததால் மறுபடி டிகோட் செய்தாலும் 'மழை'தான். எல்லாப் பக்கமும் திறந்தது, எல்லோருக்கும் நிம்மதி. நானும் அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னேன்.

சில மாதம் கழித்து ஒரே ஒரு பக்கம் மட்டும் 404 என்று வந்தது. அதன் ஸ்லக் `50%-குறைந்த-மழை`. எங்கள் ஸ்லக் உருவாக்கும் நிரல் இடைவெளியை மட்டும் கோடாக மாற்றும், % குறியை அப்படியே விட்டுவைக்கும். முகவரியில் அது `50%25-` என்று சரியாகவே போனது. எக்ஸ்பிரஸ் டிகோட் செய்து `50%-` என்று சரியாகவே கொடுத்தது. அப்புறம் எங்கள் இரண்டாவது டிகோட் அந்த % குறியைப் பார்த்து, அடுத்து இரண்டு ஹெக்ஸ் எழுத்து வரும் என்று எதிர்பார்த்து, கோட்டைக் கண்டதும் `URIError: URI malformed` என்று விழுந்தது. அதைச் சுற்றி இருந்த `catch` எந்தப் பிழை வந்தாலும் 404 என்று சொல்லும்படி எழுதப்பட்டிருந்தது. அதனால் லாகில் பிழையின் பெயரே இல்லை, கட்டுரை இல்லாத மாதிரிதான் தெரிந்தது. எனக்கு அரை நாள் போனது இந்த இடத்தில்தான்.

ஸ்லக்கில் % வராமல் தடுத்துவிட்டால் போதுமே என்றார்கள். அதையும் செய்தோம், ஆனால் அது மட்டும் போதாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். % இல்லாமல் ஆகும் வரை சுற்றிச் சுற்றி டிகோட் செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. அது இன்னும் மோசம், உண்மையான % குறியைத் தப்பாக வந்த %இல் இருந்து பிரித்துப் பார்க்க அதற்கு வழியே இல்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதைத் தமிழின் பைட்டுகளே தருகின்றன. யூனிகோடில் தமிழுக்கான பகுதி முழுவதும் யூடிஎஃப்-8இல் E0 AE அல்லது E0 AF என்றுதான் தொடங்கும். எனவே பாதையில் `%25e0%25ae` அல்லது `%25e0%25af` வந்தால் அது இரட்டை என்கோட் ஆன தமிழ், `50%25-` என்பது அதில் சிக்காது. இரண்டாவது டிகோடை நீக்கிவிட்டு, ரௌட்டுகளுக்கு முன்னால் இதைப் போட்டோம்:

```js
if (/%25e0%25a[ef]/i.test(req.path)) {
  return res.redirect(301, req.path.replace(/%25/g, '%'));
}
```

இது ஒரு அடுக்கை மட்டும்தான் உரிக்கும். `%2525` இருந்தால் `%25` ஆகும், அதற்கு மேல் தொடாது. `req.path`ஐ மட்டும் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. கேள்விக்குறிக்குப் பின்னால் இரட்டை என்கோட் வருவது பல நேரம் நியாயமானது, உள்நுழைந்த பிறகு திரும்பிப் போக வேண்டிய முகவரியை இன்னொரு முகவரிக்குள் வைத்து அனுப்பும்போது அப்படித்தான் இருக்கும். அதை உரித்தால் அது உடையும். இந்தத் திருப்பிவிடலில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளது புது முகவரியில் சேராமல் போய்விடுகிறது, கட்டுரைப் பக்கங்களுக்கு அது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

`catch`ஐயும் மாற்றினோம், டிகோட் பிழை வந்தால் இப்போது 400 என்றும் லாகில் பெயரோடும் வரும். சோதனையில் `மழை`, `50%-குறைந்த-மழை` இரண்டும் நிரந்தரமாக இருக்கின்றன, இரண்டாவதை ஒரு முறை என்கோட் செய்தும் இரு முறை செய்தும் கேட்கிறோம், இரண்டும் ஒரே பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அந்த ஐந்து நாளில் பரவிய இணைப்புகளில் இருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு பேர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், லாகில் 301 என்று தெரிகிறது, அடுத்த வரியிலேயே 200.