கேட் மூடியிருந்தது, சார்

எங்கள் கணக்கு சார் ஓய்வு பெறுகிறார், வழியனுப்பு விழாவில் காட்ட ஒரு வீடியோ வேண்டும் என்று தண்டையார்பேட்டையிலிருந்து போன் வந்தது. எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். எட்டாம் வகுப்பில் ஆண்டு மலருக்குக் கவிதை கொடுத்த பாவம், சிங்கப்பூர் வரை துரத்தியது.

ஒரே இரவில் 1,100 சொற்கள் எழுதிவிட்டேன். மறுநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 சொற்கள்தான் ஓடுகின்றன. அப்படியென்றால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். விழாவில் எங்களுக்கு ஒதுக்கியதோ ஏழு நிமிடம். அதிலும் கூட்டம் சிரிக்கவும் பழைய படங்கள் பேச்சின்றி ஓடவும் இரண்டு நிமிடம் விட்டாக வேண்டும். மிச்சம் 450 சொற்கள். கணக்கு சாருக்கான வீடியோவில் கணக்கிலேயே தவறலாமா?

எதை வெட்டுவது? 'அன்பின் சிகரம்', 'அறிவின் ஊற்று' வகையறாக்கள் முதலில் போயின. எந்த ஊர் விழாவில் எந்த ஆசிரியரைக் குறித்துப் படித்தாலும் அவை பொருந்தும். அடுத்துப் பட்டப்பெயர். அவர் நடையை வைத்து நாங்கள் சூட்டியது. இன்றும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் முன்வரிசையில் அவருடைய பேத்தி உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். மூன்று நண்பர்கள் என்னுடன் சண்டை போட்டார்கள். அசடு வழிவது நாங்களாக இருந்தால் மட்டுமே நகைச்சுவை என்று பிடிவாதமாக நின்றேன்.

அந்த வகையில் நிலைத்தது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். தாமதமாக வரும் எவனும் சொல்லும் காரணம், "கூட்ஸ் வண்டி, சார். இருபது நிமிடம் கேட் மூடியிருந்தது." ஒருநாள் சார் பலகையில் எழுதினார்: வண்டியின் நீளம் 600 மீட்டர், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர். நொடிக்கு 5 மீட்டர். கேட்டைக் கடக்க 120 நொடி.

"இரண்டு நிமிடம். மீதிப் பதினெட்டு நிமிடம் எங்கே இருந்தாய்?"

"வண்டி வரும் முன்பே மூடிவிடுவார்கள், சார்."

"நியாயம். ஐந்து நிமிடம் தள்ளுபடி. பதின்மூன்று?"

கேட் ஓரத்து இட்லிக் கடையில் அந்தப் பதின்மூன்று நிமிடமும் இருந்ததை வகுப்பே அறியும். வீடியோவில் இதை ஐந்து பேர் ஆளுக்கொரு வரியாகச் சொன்னோம். துபாயிலிருந்து ஒருவன், மணலியிலிருந்து ஒருவன். எல்லோரும் போனை படுக்கவைத்துப் பிடிக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும் என்று கெஞ்சினேன். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். கைப்பேசியில் தெரியாத மங்கல் பெரிய திரையில் தெரியும். இருவர் கேட்கவில்லை. அவர்கள் திரையில் ஆவிகளைப் போல வந்துபோனார்கள்.

நன்றி சொல்லும் இடத்தைக் காசிமேட்டுத் தோழனுக்கு விட்டேன். பள்ளி நாட்களில் விடியற்காலை துறைமுகத்தில் அப்பாவுடன் மீன்கூடை இறக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருவான். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவோம். நானும் நகர்ந்தவன்தான். இதைக் கவனித்த சார் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அவனை முதல் பெஞ்சுக்கு அழைத்து, "இன்று வஞ்சிரம் என்ன விலைக்குப் போனது?" என்று கேட்டு, அந்த ஏலத்தையே இலாப நட்டக் கணக்காகப் பலகையில் போட்டார். விடையைச் சரிபார்த்தவன் அவன். மறுநாளிலிருந்து விலை கேட்க அவன் பெஞ்சுக்கு நாங்களே போனோம்.

துறைமுகத்திலேயே பேச வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முதலில் வந்த பதிவில் கடற்காற்றும் ஐஸ் உடைக்கும் சத்தமும்தான் இருந்தன. குரல் எங்கோ கிணற்றடியில். படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஐஸ் வண்டியின் முன்பக்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து மறுபடி பேசச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். அவன் பேசியது ஒரு வரி: "சார், என்னிடம் விலை கேட்டீர்கள், என் கணக்கு அங்கேதான் தொடங்கியது." என் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். அந்த வரிக்குப் பின் பத்து நொடி பேச்சும் இல்லை, இசையும் இல்லை, படகுகள் மட்டும்.

விழாவன்று இங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோ முடிந்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதே வேட்டி நுனி. பிறகு மைக்கை வாங்கி, "600 மீட்டர் சரி. சாலையின் அகலத்தை அன்றைக்கு நான் சேர்க்கவில்லை. அது 10 மீட்டர் என்று வைத்தால் இன்னும் 2 நொடி உங்களுக்குச் சேர வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.