நானூற்றுப் பத்தா, ஐம்பதா?

"விளம்பரத்தை நிறுத்தலாமா தம்பி, வேண்டாமா?" என்றுதான் முதலாளி கேட்டார். "பாதியாகக் குறைத்துப் பார்ப்போம் அண்ணா" என்றேன். என்னிடம் இருந்த கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை, தொடரவும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் கடையும் இணையத்தில் விற்பனையும் உள்ள புடவை வியாபாரம். தளத்தில் புடவை பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களை முகநூலில் துரத்திப் பிடிக்கும் ரீடார்கெட்டிங் விளம்பரத்துக்குத் தீபாவளிக் காலத்தில் 1,50,000 ரூபாய் செலவிட்டோம். அதனால் 410 ஓடர்கள் வந்தன என்றது விளம்பரத் தளத்தின் அறிக்கை. ஓடருக்கு 366 ரூபாய். கழிவு போக ஓர் ஓடரில் 2,500 ரூபாய் மிஞ்சும் என்றால் யார்தான் குறை சொல்வார்கள்?

அந்த 410 எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். விளம்பரத்தைச் சொடுக்கி ஏழு நாளுக்குள் வாங்கினாலும், சொடுக்காமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அது விளம்பரத்தின் கணக்கில் சேரும். இதுதான் அங்கே வழக்கமான அமைப்பு. கூடையில் புடவையைப் போட்டுவிட்டு, இரவு அக்காவிடம் நிறம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்றிருந்த பெண், இடையில் விளம்பரத்தைக் கடந்துபோனாலே போதும்.

ஆகவே தீபாவளிக்கு முன்பே வருகையாளர்களை இரண்டாகப் பிரித்திருந்தேன். தளம் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண் இரட்டைப்படை என்றால் விளம்பரப் பட்டியலில் சேர்ப்பது, ஒற்றைப்படை என்றால் சேர்க்காமல் விடுவது. பக்கத்துக்கு 20,000 பேர். விளம்பரப் பக்கத்தில் 640 பேர் வாங்கினார்கள். விளம்பரமே காட்டாத பக்கத்தில் 590 பேர். வித்தியாசம் ஐம்பது.

எங்கள் அலுவலக நண்பர் உடனே வேறு கணக்குப் போட்டார். இரட்டைப்படையில் விளம்பரத்தை உண்மையாகப் பார்த்தவர்களை மட்டும் எடுத்து, மற்றப் பக்கம் முழுவதோடும் ஒப்பிட்டார். பெரிய இலாபம் தெரிந்தது. ஆனால் விளம்பரம் கண்ணில் படுகிறவர்கள் நாள் முழுக்கக் கைபேசியோடு இருப்பவர்கள். அவர்கள் எப்படியும் கூடுதலாக வாங்குவார்கள். மற்றப் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு, யார் என்றுதான் தெரியாது. பார்த்தாரோ இல்லையோ, இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பக்கம் முழுவதோடு ஒப்பிட்டால்தான் நேர்மை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தயக்கம் எல்லாம் அந்த ஐம்பதில்தான். இவ்வளவு பேரை வைத்துக்கொண்டு, தற்செயலாகவே இரு பக்கத்துக்கும் இடையில் அறுபது, எழுபது ஓடர் வித்தியாசம் வரலாம். அதாவது உண்மையான பயன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயும் இருக்கலாம், நூற்றுப் பதினைந்துக்கு அருகிலும் இருக்கலாம். செலவை மீட்க அறுபது ஓடர் வேண்டும். அந்த அறுபது இந்த இடைவெளிக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. 410 பொய் என்று அடித்துச் சொல்லலாம். நட்டம் என்று சொல்ல முடியாது.

முதலாளியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் "குறைப்போம்" என்ற சொல்தான் அவர் காதில் நின்றது. வியாபாரிக்கு ஒரு முடிவு வேண்டும். இடைவெளியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. தளத்தில் பார்த்துவிட்டுக் காலி வீதிக் கடைக்கே வந்து வாங்குபவர்கள், வாட்ஸ்அப்பில் ஓடர் தருபவர்கள் என் கணக்கில் இல்லை. கைபேசியில் ஒற்றைப்படையாகவும் வீட்டுக் கணினியில் இரட்டைப்படையாகவும் விழும் ஒரே ஆள் இரண்டு பக்கத்தையும் கலக்கிவிடுகிறார். அந்தக் கலப்பு வித்தியாசத்தைச் சுருக்கவே செய்யும். எனவே ஐம்பது என்பது குறைவான மதிப்பீடாகவும் இருக்கலாம். விளம்பரத்தின்மீது நான் அநியாயம் செய்கிறேனோ என்று தோன்றும் நேரமும் உண்டு.

மறுபுறம், ஈபே நிறுவனம் 2012இல் சில தேடுபொறிகளில் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தபோது, விளம்பரத்தைச் சொடுக்கி வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இலவச முடிவுகள் வழியே வந்துசேர்ந்தார்கள். அது தேடல் விளம்பரம், எங்களுடையது வேறு. என்றாலும் ஏற்கெனவே வாசல்படியில் நிற்பவரை அழைத்துவந்ததாகக் கூலி கேட்பது இரண்டிலும் ஒன்றுதான்.

தற்செயலால் வரும் இந்தத் தடுமாற்றத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். எங்கள் தளத்துக்கு அத்தனை பேர் வருவதற்குள் தீபாவளி போய்ப் பொங்கலும் போய்விடும். அப்போது வாங்குகிறவர்களும் வேறு மனநிலையில் இருப்பார்கள். வேண்டுமானால் கூடைவரை போனவர்களை விட்டுவிட்டு, ஒரு புடவை மட்டும் பார்த்துப் போனவர்களைத் தனியாகச் சோதிக்கலாம். மறந்துபோனவர்கள் அங்கேதான் அதிகம் என்பது என் ஊகம்.

செலவு இப்போது பாதி. சென்ற மாதம் விற்பனை குறையவில்லை என்று முதலாளிக்கு ஒரே மகிழ்ச்சி. இந்த முறை யாரையும் இரண்டாகப் பிரிக்கவில்லை என்பதால் அந்த மாதம் எதையும் நிரூபிக்காது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். பொங்கல் விற்பனை முடியட்டும் என்றிருக்கிறேன்.