முதல் பக்கம் தொலைந்த உறுதி

பழைய காணி உறுதிகளில் முதலில் கழன்று போவது முதல் பக்கம்தான். மேலே இருப்பதால் கை படும், மழைத்தண்ணி படும், போட்டோ பிரதி எடுக்கிறவன் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி குத்தமாட்டான். உறுதி இலக்கம், விற்றவர், வாங்கியவர், விலை, விற்றவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்ற கதை எல்லாமே அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அது போய்விட்டால் மிச்சப் பக்கங்கள் “மேற்படி விற்பனையாளர்”, “மேற்படி கொள்வனவாளர்” என்று ஆளில்லாமல் பேசிக்கொண்டிருக்கும்.

நொத்தாரிசு ஒருவரிடம் லிகிதராக வேலை செய்வதால் இப்படி உறுதிகள் அடிக்கடி என் மேசைக்கு வரும். பண்டாரவளைப் பக்கத்து அம்மா ஒருவர் மகனோடு கொண்டுவந்த உறுதியைத்தான் இங்கே சொல்கிறேன். கணவர் இறந்துவிட்டார், மகன் அந்த வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்கப் பார்க்கிறார். உறுதி சிங்களத்தில், கையில் இருப்பது இரண்டாம் பக்கத்திலிருந்து. தெரிந்த ஒருவர் அட்டவணையை வாசித்துக் காட்டியிருக்கிறார், அதில் தெற்கு எல்லையில் ஒரு பெயர் வருகிறது, அவர்தான் விற்றவர் என்று இவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஆளின் பிள்ளைகளைத் தேடிப் பதுளை வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள், பாவம்.

எல்லையில் வரும் பெயர் பக்கத்துக் காணிக்காரனின் பெயர். நான்கு பக்கமும் யார், என்ன இருக்கிறது என்று சொல்லிக் காணியை அடையாளம் காட்டுவதுதான் அட்டவணையின் வேலை, உடமை பற்றி அது பேசாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. “வடக்கே இதே காணியின் மீதிப் பகுதி” என்று வந்தால், பெரிய காணியிலிருந்து ஒரு துண்டு வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அந்த மீதி அநேகமாக விற்றவர் கையிலேயே இருந்திருக்கும்.

இவர்களுடைய அட்டவணை இப்படிப் போனது: 1978 ஆம் ஆண்டுப் பிளான் ஒன்றில் காட்டப்பட்ட துண்டு 3, வடக்கே அதே பிளானின் துண்டு 2, கிழக்கே கிராம சபைப் பாதை, தெற்கே இன்னாருடைய தோட்டம், மேற்கே எல்லைக் கான். விஸ்தீரணம் 18.5 பேர்ச்சஸ். அதோடு வீடும் மரங்களும், கடைசி வரியில் காணிப் பதிவகத்து ஏட்டின் பக்க இலக்கம்.

கிராம சபை என்றதும் மகன் பிடித்துக்கொண்டார். “அண்ணே, கடைசிப் பக்கத்துல 1994னு இருக்கு. கிராம சபைய எடுத்து எத்தனையோ வருஷமாச்சே, இது கள்ள உறுதியா இருக்குமோ?” கேள்வி நியாயமானது. 1981 இல் கிராம சபைகள் போய் அபிவிருத்திச் சபைகள் வந்தன, பிறகு 1987 ஆம் ஆண்டின் சட்டத்தோடு பிரதேச சபைகள் வந்தன. ஆனால் புது உறுதி எழுதும்போது எல்லைகளைப் புதிதாக யாரும் போய்ப் பார்ப்பதில்லை, பழைய உறுதியிலோ பிளானிலோ இருப்பதை அப்படியே பார்த்து எழுதுவார்கள். அதனால் எல்லை வாசகத்தின் வயது பிளானின் வயதுதான். 1978 பிளானில் கிராம சபை வருவது சரி. இதே கணக்கில்தான் மலைநாட்டு உறுதிகளில் மேற்கே ஏதோ கம்பனியின் தேயிலைத் தோட்டம் என்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது, கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975 இல். தெற்கு எல்லைக்காரரும் 1978 இல் அங்கே இருந்தவர், 1994 இல் உயிரோடு இருந்தாரா என்பதே வேறு விஷயம்.

இன்னொரு சந்தேகம் அளவு. மகன் டேப் பிடித்து அளந்திருக்கிறார், இருபத்தொரு பேர்ச்சஸுக்கு மேலே வருகிறது, அப்படியென்றால் இந்த உறுதி நம் காணிக்கே உரியதல்லவோ என்று பயம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 18.5 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 5037 சதுர அடி. சர்வேயர் அளப்பது கிடையாக, சரிவோடு அளப்பதில்லை. முப்பது பாகைச் சரிவில் நூறு அடி டேப் பிடித்தால் பிளானில் அது 87 அடிக்குள்தான் வரும். அவர் சொன்ன சரிவும் ஏறத்தாழ அதுதான், அதை வைத்துக் கணக்குப் போட்டால் சரிவு வழியாக 5816 சதுர அடி, அதாவது 21 பேர்ச்சஸும் கொஞ்சமும். காணி அதேதான். வரம்பு வயல் பகுதிகளில் இந்தத் தொல்லை இல்லை, நமக்குத்தான்.

சரி, காணி இதுதான். ஆள் யார்? கடைசிப் பக்கத்து அத்தாட்சியில் நொத்தாரிசு யார், எந்தத் திகதி, எந்த இடம், யாருக்கு வாசித்து விளக்கிக் கையொப்பம் வாங்கினார், சாட்சிகள் யார் என்பது இருக்கும். அங்கே இருந்த கையொப்பமும் இரண்டாம், மூன்றாம் பக்கங்களின் அடியில் இருந்ததும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்தேன், ஏனென்றால் வேறு உறுதியின் அட்டவணை இதோடு சேர்ந்து வந்திருந்தால் மேலே செய்ததெல்லாம் வீண். ஒன்றாகத்தான் இருந்தது. அத்தாட்சியில் ஒரு பெயர் கிடைத்ததும் அம்மாவுக்குச் சந்தோசம். ஆனால் அது விற்றவர் பெயர். விற்பனை உறுதியில் பெரும்பாலும் கையொப்பம் வைப்பது விற்றவர் மட்டும்தான், வாங்கியவர் வைக்கவேண்டியதில்லை. ஆக வாங்கியவரின் பெயர் நம் கையில் இருந்த எந்தப் பக்கத்திலும் இல்லை. உறுதி நம் பெட்டியில் இருப்பதால் வாங்கியவர் நம் வீட்டுக்காரர் என்று சொல்ல முடியாது.

அதற்கு வழி அட்டவணையின் அந்தக் கடைசி வரிதான். நம் நாட்டுக் காணிப் பதிவேடு ஆளை வைத்து அடுக்கப்படுவதில்லை, காணியை வைத்து அடுக்கப்படுகிறது, ஏட்டின் பக்கம் தெரியாமல் பதிவகத்தில் பெயரைச் சொல்லித் தேடுவது பெரும்பாடு. உறுதியில் எழுதியிருப்பது பொதுவாக முந்திய பதிவுப் பக்கம். அங்கே போனால் எந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டது என்ற குறிப்பு இருக்கும், அதைப் பிடித்து அடுத்ததற்குப் போகவேண்டும். துண்டு போட்ட காணியென்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பக்கம் திறந்திருப்பார்கள், அங்கே அவசரப்பட்டுத் துண்டு 2 இன் பக்கத்துக்குப் போய்விடக் கூடாது. பிளான் இலக்கம், துண்டு, நான்கு எல்லை, விஸ்தீரணம் எல்லாவற்றையும் நம் அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடவேண்டும்.

பதுளைப் பதிவகத்தில் துண்டு 3 இன் பக்கத்தில் 1994 ஆம் ஆண்டுப் பதிவு இருந்தது. கொடுத்தவர் நிரலில் அத்தாட்சியில் பார்த்த அதே பெயர், எழுதிய நொத்தாரிசும் திகதியும் பொருந்தின. பெற்றவர் நிரலில் இருந்தது அம்மாவின் கணவர் இல்லை, கணவரின் தாயார்.

மாமியார் காலமாகிப் பல வருஷம். அவருக்கு இவர் கணவரைச் சேர்த்து நான்கு பிள்ளைகள், மற்ற மூவரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் கொழும்பில். மாமியார் இவர்களுக்கு எழுதிக்கொடுத்ததாக ஏட்டில் எந்தப் பதிவும் இல்லை. “அப்ப லோன்?” என்று மகன் கேட்டார். அந்தக் கதை இனி அத்தை, சித்தப்பாமார் கையொப்பம் வைப்பார்களா என்பதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு கொழும்பில் இருக்கிற கொழுந்தனுக்கு முதலில் சொல்லவேண்டும், மற்றவர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள் என்றார். ஏட்டில் கிடைத்த உறுதி இலக்கத்தை வைத்துப் பதிவகத்தில் இருக்கும் இரண்டாம் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பம் போட்டோம், கொழுந்தனிடம் காட்டுவதற்கு முழு உறுதி கையில் இருக்கவேண்டும் அல்லவா.