முடிந்த வேலையை கேஸ் ஸ்டடி ஆக்கியது: ஒரு சேலைக் கடைத் தளத்தின் கணக்கு

சேலை விற்கும் ஆன்லைன் கடை ஒன்றின் தளத்தை 2024 ஆகஸ்டில் வேகப்படுத்திக் கொடுத்தோம். அதை கேஸ் ஸ்டடியாக எழுத உட்கார்ந்தபோது பலன் பகுதியைத்தான் முதலில் எடுத்தோம். எந்த எண்ணை நிரூபிக்க முடியும் என்று தெரிந்தால்தான் எந்தப் பிரச்சினையைச் சொல்வது என்பது முடிவாகும்.

பழைய நிலைக்குச் சான்றாகக் கையில் இருந்தது, கூகுளின் தளச் சோதனைக் கருவியான Lighthouse-இன் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். அது ஒரு கணினியில் ஒருமுறை ஓட்டிய சோதனை. மறுபடி ஓட்டினால் மதிப்பெண் மாறும். கடைக்கு வருகிறவர்களின் குரோமிலிருந்து சேரும் CrUX தரவுதான் நம்பத்தக்கது. அதன் History API பல மாதங்களுக்கு முந்தைய எண்களையும் வாரவாரியாகத் தருவதால் தப்பித்தோம். (வருகை மிகக் குறைந்த தளங்களுக்கு அதில் எதுவும் இருக்காது.) அங்கே LCP, அதாவது பக்கத்தின் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ திரையில் தெரிய ஆகும் நேரம், 4.6 வினாடி. நூறில் 75 முறை அதற்குள் தெரிந்துவிடுகிறது என்று பொருள். கூகுள் நல்லது என்று வைத்திருக்கும் எல்லை 2.5.

வேலை முடிந்த மறுவாரமே புதிய எண்ணை எடுப்பது தவறு. CrUX எண் ஒவ்வொன்றும் கடைசி 28 நாள் வருகைகளைச் சேர்த்தது. பாதியில் எடுத்தால் பழைய தளத்தின் நாட்களும் கலந்திருக்கும். 28 நாள் முழுதும் கழிந்தபின் எடுத்தோம்: 2.3.

அணுகுமுறைப் பகுதியில் செய்த எல்லாவற்றையும் அடுக்கவில்லை. முகப்புப் படத்தில் `loading="lazy"` இருந்தது. அதனால் பக்க அமைப்பு தெரியும்வரை பிரவுசர் படத்தைக் கேட்கவே இல்லை. அதை நீக்கி, படத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லும் `fetchpriority="high"` சேர்த்ததையும், படத்தின் எடையைக் குறைத்ததையும் மட்டும் காரணத்தோடு எழுதினோம். படிக்கிறவர் தேடுவது அந்தக் காரணத்தைத்தான்.

விற்பனை எண்ணில்தான் நிறைய நேரம் போனது. அக்டோபரை முந்தைய அக்டோபரோடு ஒப்பிட்டால் பிரமாதமான வளர்ச்சி தெரியும். ஆனால் 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. சேலை வாங்கும் நாட்களே முன்னால் நகர்ந்துவிட்டன. ஆகவே இரண்டு ஆண்டிலும் தீபாவளிக்கு முந்தைய 30 நாளை எடுத்து, ஆயிரம் வருகைக்கு எத்தனை ஆர்டர் என்று பார்த்தோம்: 12-இலிருந்து 15. "25% உயர்வு" என்று மட்டும் எழுதினால் பெரிதாகத் தெரியும் என்பதால் இரண்டு எண்களையும் அப்படியே போட்டோம். விளம்பரச் செலவும் அந்த ஆண்டு மாறியிருந்தது. அதனால் "வேகத்தால் உயர்ந்தது" என்று எழுதாமல், "இதே காலத்தில் உயர்ந்தது" என்று எழுதி விளம்பரத்தையும் குறிப்பிட்டோம்.

கடைக்காரரிடம் "போட்டுக்கொள்ளலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எண் உள்ள நான்கு வாக்கியங்களை மட்டும் மெயிலில் அனுப்பினோம். கடைப் பெயரை எடுக்கச் சொன்னார், எண்களுக்குச் சம்மதித்தார்.