பத்துக் கிண்ணம்

மார்ச் 3
இரவு 12:10க்கு ஹோட்டல் ரிப்போர்ட் வந்தது. விற்பனை பரவாயில்லை. வீணானது: 0. அடுப்படியில் ஒரு நாள் நின்றவன்கூட அந்தப் பூஜ்ஜியத்தை நம்பமாட்டான். பில்லிங் சாஃப்ட்வேருக்கு விற்றது மட்டும்தான் தெரியும். கொட்டியதை யாராவது கையால் ஏற்றினால்தான் உண்டு.

மார்ச் 4
கால் வலி. தூக்கம் இல்லை.

மார்ச் 5
சூப்பை மட்டும் அளந்து வைக்கச் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் அளக்கச் சொன்னால் எதையும் அளக்கமாட்டார்கள். வைத்தது 12 லிட்டர். கிண்ணம் 250 மில்லி. ஐட்டம் வாரி ரிப்போர்ட்டில் 36 கிண்ணம், அதாவது 9 லிட்டர். கடை மூடும்போது மிஞ்சியது அரை லிட்டர். அப்போ மீதி இரண்டரை லிட்டர்? பத்துக் கிண்ணம்! மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன். நல்லவேளை, போனில் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 6
பத்துக் கிண்ணம்.

மார்ச் 7
நாலு கிடைத்தது. காம்போவில் போன சூப் ‘காம்போ’ என்ற பெயரில்தான் பில்லாகிறது, சூப் கணக்கில் ஏறுவதில்லை. காம்போவுக்குள் என்னென்ன, எவ்வளவு என்று ரெசிபியில் பிரித்துப் போட்டால்தான் ஏறும். அதைப் போடாமல் விட்டது நான்தான்.

மார்ச் 8
கேன்சல் ரிப்போர்ட்டைத் தனியாக எடுக்கச் சொன்னேன். 5ஆம் தேதி இரண்டு சூப் ரத்து. ஆர்டர் டோக்கன் அடுப்படிக்குப் போனது 8:14, ரத்து 8:31. பதினேழு நிமிடத்தில் சூப் மேசைக்கே போயிருக்கும். விற்பனையிலும் இல்லை, வீணானதிலும் இல்லை. “அண்ணே, சாப்பிடாம எழுந்து போயிட்டாங்க, கொட்டிட்டோம்” என்கிறான் தம்பி. சரி, கொட்டு. எழுதிவிட்டுக் கொட்டு. டோக்கன் போகும் முன் ரத்தானால் நஷ்டமில்லை. போன பின் ரத்தானால் அது வீண்தான்.

இன்னும் நாலு.

மார்ச் 9
நாளைக்குக் காலில் போட்ட கட்டைப் பிரிக்கிறார்கள். அது இருக்கட்டும். கடை மூடுவது 1 மணிக்கு, சிஸ்டம் தேதி மாற்றுவது 12 மணிக்கு! 5ஆம் தேதி சட்டியிலிருந்து நள்ளிரவுக்குப் பின் போன 4 கிண்ணம் 6ஆம் தேதி விற்பனையில் உட்கார்ந்திருக்கிறது. முந்தின இரவுக் கிண்ணம் ஒன்று 5ஆம் தேதியில் புகுந்திருக்கிறது. நிகரம் மூன்று. தேதி மாறும் நேரத்தை விடிகாலை 4 ஆக்கச் சொல்லிவிட்டேன். இனி ரிப்போர்ட்டும் கடை மூடி, மிஞ்சியதை அளந்து ஏற்றிய பிறகுதான் வரவேண்டும்.

மாஸ்டரிடம் நானே பேசினேன். ஏன் கூப்பிட்டேன் என்று அவருக்குப் புரியவில்லை.

மார்ச் 10
பாக்கி ஒரு கிண்ணம். போனது மொத்தம் 45. 250 மில்லியை அதில் பங்கு போட்டால் தலைக்கு ஒரு டீஸ்பூன் சொச்சம். கரண்டி தளும்பினாலே அவ்வளவு வரும். இதைத் துரத்த வேண்டாம்.

வண்டி வந்துவிட்டது.