எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் எங்கே?

நேர்காணல் முடியப்போகும் நேரத்தில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். பல வருடங்கள் நான் "இல்லை சார், எல்லாம் தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அப்படிச் சேர்ந்த ஒரு கணக்குப் பிரிவு வேலையில் 5 மாதம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அங்கே முதல் நாள் கணினியைத் திறந்து, எனக்கு அனுமதி கொடுத்திருந்த ஃபோல்டரைப் பார்த்தேன். வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் எழுதிய குறிப்புகள் மூன்று இருந்தன, மூன்று வெவ்வேறு பெயர்களில். முதலாமவர் 12 பக்கம் எழுதியிருந்தார். எந்தக் கணக்கை எந்தத் தேதியில் முடிக்க வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. இரண்டாமவர் 4 பக்கம். மூன்றாமவர் அரைப் பக்கம், அதுவும் கடவுச்சொற்கள் மட்டும். முதல் குறிப்புக்கும் கடைசிக் குறிப்புக்கும் நடுவே 14 மாதம்தான். நான்காவது ஆள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னால் யோசித்துப் பார்த்தால், நேர்காணலிலேயே எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது. மனிதவளப் பிரிவில் பேசியவர் "இது புதிதாக உருவாக்கிய பதவி" என்றார். மேலாளரோ பேச்சுவாக்கில் "முன்பு இருந்தவர் சரிப்பட்டு வரவில்லை" என்றார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. நடுவில் ஒரு பையன் ஏதோ தாளைக் கொண்டுவந்தான். என் எதிரிலேயே அவனை மேலாளர் திட்டி அனுப்பினார். வேலைப் பளு அதிகம் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை தேவைப்படும்போது மனம் அப்படித்தான் எதிர்த்தரப்புக்கு வக்காலத்து வாங்குகிறது.

அதற்கப்புறம் எந்த நேர்காணலிலும் இதைக் கேட்காமல் வருவதில்லை: "எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" ஒருவரிடம் கேட்டால் போதாது. மனிதவளப் பிரிவு, மேலாளர், கூட வேலை செய்யப்போகிறவர் என்று தனித்தனியாகக் கேட்கிறேன். பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். சக ஊழியர் பதில் சொல்வதற்கு முன் மேலாளரின் முகத்தைப் பார்த்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, பேசுகிற ஒவ்வொருவரிடமும் "நீங்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாத கேள்வி இது. 8 பேர் அணியில் 5 பேர் ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. போன வருடம் அணியில் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். 3 பேர் என்றால் அணி வளர்ந்திருக்கிறது. அப்போதும் 8 பேர்தான் என்றால், 5 பேர் போய்விட்டார்கள், அந்த இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று: மேலாளர் 9 வருடம், மற்ற எல்லோரும் ஒரு வருடத்துக்குள், நடுவில் 3 வருடம் 4 வருடம் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. வேலையைக் கற்றுக்கொண்டு வேறு இடம் கிடைக்கும் தகுதி வந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

ஒருவர் விலகியதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது. மேற்படிப்பு, குடும்பம், நல்ல சம்பளம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரவுப் பணி, ஒப்பந்தப் பணி போன்றவற்றில் ஆட்கள் மாறுவது எங்கும் கொஞ்சம் அதிகம்தான். "இரண்டு பேர் போனார்கள், சம்பளம் குறைவு என்றார்கள், இப்போது கூட்டியிருக்கிறோம்" என்று ஒரு மேலாளர் சொன்னால் அவரை நம்பத் தோன்றுகிறது. "எங்களிடமிருந்து யாரும் போகவே மாட்டார்கள்" என்கிறவரிடம்தான் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன்.

இப்போதைய வேலைக்கான நேர்காணலில் அதே கேள்வியைக் கேட்டபோது மேலாளர் தயங்கவில்லை. "அவர் தணிக்கைப் பிரிவுக்குப் போய்விட்டார். பேசுகிறீர்களா?" என்று உள் தொலைபேசியில் கூப்பிட்டு என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அந்த அம்மா கால் மணி நேரம் பேசினார். "காலாண்டு முடிவில் பத்து நாள் கஷ்டமாக இருக்கும். ராத்திரி ஒன்பது ஆகிவிடும். மற்ற நாளில் ஆறு மணிக்குக் கிளம்பிவிடலாம். சாருக்குக் கோபம் வரும், ஆனால் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்வார்."

சேர்ந்தேன். முதல் நாள் ஃபோல்டரைத் திறந்தபோது ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றே ஒன்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவருடைய உள் தொலைபேசி எண்ணும், "சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள்" என்ற வரியும்.